மாதம் ஆயிரம் டாலர் வருமா? பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணுவதன் கணக்கு

கேள்வி: ஐயா, நான் அரிசோனாவில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். ஆறு மாதமாக பிளாக்ஜாக்கில் ஹை-லோ முறையில் சீட்டு எண்ணப் பழகி வருகிறேன். ஃபோன் ஆப்பில் ஒரு முழுக் கட்டை 30 வினாடிக்குள் தப்பில்லாமல் எண்ணிவிடுவேன். பேசிக் ஸ்ட்ராடஜியும் மனப்பாடம். இதற்கென்று 5,000 டாலர் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு வாரக்கடைசி லாஸ் வேகாஸ் போய், 25 டாலர் மேசையில் ஒவ்வொரு முறையும் பத்து மணி நேரம் விளையாடலாம் என்று திட்டம். எண்ணுபவருக்கு ஒரு சதவீதம் சாதகம் உண்டு என்று படித்தேன். மாதம் ஆயிரம் டாலராவது வருமா? என் மனைவி வேண்டாம் என்கிறாள். கணக்கு தெரிந்தவர் ஒருவர் சொன்னால் இருவரும் கேட்போம்.
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வராது. சராசரியாக மாதம் முந்நூறு டாலர் சொச்சம் வரலாம். அதுவும் சராசரிதான். உங்கள் 5,000 டாலர் முழுவதும் கரைந்துபோவதற்கான வாய்ப்பு, நீங்கள் எந்தத் தப்பும் செய்யாவிட்டாலும், 70 சதவீதத்துக்கு மேல். உங்கள் மனைவி கணக்குப் போடாமலேயே சரியான முடிவுக்கு வந்திருக்கிறார். நான் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். சூதாட்ட விளையாட்டுகளின் நிகழ்தகவைச் சரிபார்ப்பது பல வருடமாக என் தொழில். இந்த விளையாட்டில் எண்ணுபவர்கள் தோற்பது பெரும்பாலும் எண்ணத் தெரியாததால் அல்ல.

முதலில், எண்ணுவதால் எங்கிருந்து சாதகம் வருகிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மீதிச் சீட்டுகளில் பத்தும் ஏஸும் அதிகமாக இருந்தால் நாம் அதிகம் ஜெயிப்போம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்தக் கையை எப்படி ஆடுவது என்று சொல்லும் பேசிக் ஸ்ட்ராடஜியை முறையாகப் பின்பற்றினாலும் நூறு கைகளில் சுமார் 43 ஜெயிப்பீர்கள், 49 தோற்பீர்கள், மீதி சமன். சின்னச் சீட்டுகள் நிறையப் போய் கவுண்ட் நன்றாக ஏறியிருக்கும்போதும் ஜெயிக்கும் கைகளின் எண்ணிக்கை பெரிதாக மாறாது. பெரிய சீட்டு உங்களுக்கு வருவதற்கு எவ்வளவு வாய்ப்போ, டீலருக்கும் அவ்வளவு வாய்ப்பு. சாதகம் வருவது வேறு வழியில். முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்துமாக வந்து பிளாக்ஜாக் அடித்தால் உங்களுக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். டீலர் அடித்தால் நீங்கள் ஒரு மடங்குதான் இழப்பீர்கள். நல்ல கையில் நீங்கள் பெட்டை இரட்டிப்பாக்கி டபுள் செய்யலாம், அவரால் முடியாது. 12 முதல் 16 வரை கையில் வைத்திருக்கும்போது நீங்கள் நின்றுவிடலாம். அவர் கட்டாயம் சீட்டு எடுத்தாக வேண்டும். பெரிய சீட்டுகள் மிஞ்சியிருக்கும்போது இந்த மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் சாய்கின்றன. அந்தச் சாய்வுதான் மொத்தச் சாதகமும்.

அது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஒரே ஒரு கட்டு வைத்து ஆடும் ஆட்டத்தில், ஓர் ஐந்தை எடுத்துவிட்டால் ஆடுபவருக்கு ஏறத்தாழ 0.7 சதவீதம் கூடும். எல்லாச் சீட்டுகளிலும் மிகப் பெரிய மாற்றம் தருவது அந்த ஐந்துதான். 1960-களின் தொடக்கத்தில் கணிதவியலாளர் எட்வர்ட் தோர்ப் இதைக் கணக்கிட்டுக் காட்டியபோது நெவாடாவில் ஒற்றைக் கட்டு ஆட்டம் சாதாரணம். கட்டின் அடிவரை சீட்டைப் பிரித்துக் கொடுப்பதும் நடக்கும். இன்று நீங்கள் உட்காரப் போவது ஆறு கட்டுகளைக் கலந்து வைத்த ஷூ என்ற பெட்டியின் முன்னால். 312 சீட்டுகளில் ஓர் ஐந்து போனால் அதே பலன் ஆறில் ஒரு பங்குதான். அதனால்தான், போன சீட்டுகளில் சின்னதுக்கு ஒன்று கூட்டி பெரியதற்கு ஒன்று கழித்து வரும் ரன்னிங் கவுண்ட்டை மீதியுள்ள கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து ட்ரூ கவுண்ட் எடுக்கிறோம். முதல் கட்டு முடிந்ததும் ரன்னிங் கவுண்ட் +6 என்றால், இன்னும் ஐந்து கட்டு மீதி. ட்ரூ கவுண்ட் ஒன்றைக் கொஞ்சம் தாண்டும், கேசினோவுக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய சமன். அதே +6, ஒன்றரைக் கட்டு மட்டும் மீதியிருக்கும்போது வந்தால் ட்ரூ கவுண்ட் 4. இப்போதுதான் உங்கள் பக்கம் ஒன்றரை சதவீதம் போல நிற்கும். ட்ரூ கவுண்ட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் அரை சதவீதம் என்பதுதான் இதில் பொதுவாகப் பிடிக்கும் அளவு.

இனி உங்கள் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நல்ல விதிகள் உள்ள மேசை என்றே வைத்துக்கொள்கிறேன்: ஆறு கட்டு, பிளாக்ஜாக்குக்கு 3-க்கு 2, டீலர் எந்த 17-லும் நின்றுவிடுவார், ஸ்ப்ளிட் செய்த பிறகும் டபுள் செய்யலாம், ஆறில் நாலரைக் கட்டுவரை பிரித்த பிறகே கலைப்பார்கள். எண்ணாமல் சும்மா ஆடினால் இங்கே கேசினோவின் சாதகம் 0.4 சதவீதம் அளவில் இருக்கும்.

இந்த மேசையில் நூறு கை ஆடினால், சுமார் 85 கைகளில் ட்ரூ கவுண்ட் இரண்டுக்குக் கீழேதான் இருக்கும். அந்த 85 கைகளையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் 0.7 சதவீதம் பாதகத்தில் ஆடுகிறீர்கள். சுமார் பத்துக் கைகளில் கவுண்ட் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் இருக்கும். அங்கே உங்களுக்கு ஒரு சதவீதம். மீதி ஐந்து கைகளில்தான் நான்கைத் தாண்டும். அங்கே இரண்டு சதவீதம் போல. சரி, பெட்டைப் போடுவோம். மோசமான 85 கைகளுக்கு 25 டாலர், நடுவில் உள்ள பத்துக்கு 125, நல்ல ஐந்துக்கு 250.

85 கைகளில் 2,125 டாலர் வைத்து, சராசரியாகச் சுமார் 15 டாலர் இழக்கிறீர்கள். பத்துக் கைகளில் 1,250 டாலர் வைத்து 12.50 சம்பாதிக்கிறீர்கள். ஐந்து கைகளில் இன்னொரு 1,250 வைத்து 25 சம்பாதிக்கிறீர்கள். கூட்டிக் கழித்தால் நூறு கைக்கு 22 டாலர் 50 சென்ட். மொத்தம் 4,625 டாலரை மேசையில் நகர்த்தியதற்குக் கிடைத்தது இது. சதவீதமாகச் சொன்னால் அரைச் சதவீதம். நீங்கள் படித்த ஒரு சதவீதம் பொய்யில்லை. இதைவிட ஆழமாகப் பிரிக்கும் மேசையில், பெட்டை இன்னும் அதிகமாக ஏற்றி இறக்கி, கவுண்ட்டுக்கு ஏற்ப ஆட்டத்தையும் மாற்றி ஆடுபவருக்கு அது கிடைக்கும். ஆனால் அதுவும் வைத்த பணத்தின் மேல்தான். கொண்டுபோன 5,000 டாலர் ஒவ்வொரு வாரமும் ஒரு சதவீதம் வளரும் என்ற பொருள் அதில் இல்லை.

மணிக்கு 70 கை என்று வைத்தால் மணிக்கூலி 16 டாலர். மாதம் 20 மணி நேரத்துக்கு 320 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஃபீனிக்ஸிலிருந்து லாஸ் வேகாஸ் 300 மைல். போகவரப் பெட்ரோல், இரண்டு வாரக்கடைசிக்கு ஹோட்டல் அறை, சாப்பாடு, டீலருக்கு டிப்ஸ் எல்லாம் போனால் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கழித்துப் பாருங்கள்.

ஆனால் என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது அந்த 320 டாலர் அல்ல. அதைச் சுற்றிப் பணம் ஏறி இறங்கும் அலைச்சல். மேலே சொன்ன பெட் அளவுகளுக்கு, நூறு கையின் திட்ட விலக்கம் சுமார் 830 டாலர். அதாவது சராசரி வரவு 22 டாலராக இருக்கும் இடத்தில், 830 மேலேயோ கீழேயோ போவது அன்றாட நிகழ்ச்சி. ஒரு மாதத்துக்கு, அதாவது 1,400 கைக்கு, இந்த விலக்கம் 3,100 டாலர் ஆகிறது. முந்நூறு டாலர் எதிர்பார்த்துப் போகிறவர் மூவாயிரம் தோற்றுத் திரும்புவது துரதிர்ஷ்டம்கூட இல்லை, சாதாரணம். அப்பழுக்கில்லாமல் ஆடினாலும் நூற்றில் 46 மாதங்கள் நஷ்டத்தில் முடியும்.

காலம் போகப் போக சரியாகிவிடும் என்பீர்கள். ஆகும், எப்போது என்பதுதான் கேள்வி. எதிர்பார்க்கும் லாபம் கைகளின் எண்ணிக்கையோடு நேராக வளர்கிறது. அலைச்சல் அதன் வர்க்கமூலத்தோடு மட்டும் வளர்கிறது. ஆகவே ஒரு கட்டத்தில் லாபம் அலைச்சலை எட்டிப் பிடிக்கும். உங்கள் கணக்கில் அந்தக் கட்டம் ஏறத்தாழ 1,36,000 கைகள். மணிக்கு 70 கை, மாதம் 20 மணி நேரம் என்று போனால் எட்டு வருடம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும், எண்ணுபவர்களில் ஆறு பேரில் ஒருவர் நஷ்டத்தில்தான் இருப்பார்.

எட்டு வருடம் தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டுமே. இதே பெட் அளவுகளை மாற்றாமல் தொடர்ந்து ஆடினால், 5,000 டாலர் என்றாவது ஒருநாள் பூஜ்யத்தைத் தொடும் வாய்ப்பு 72 சதவீதம். 10,000 கொண்டுபோனாலும் பாதிக்குப் பாதி. அந்த ஆபத்தை 5 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டுமானால் சுமார் 45,000 டாலர் தேவை. அத்தனை பணத்தை ஒதுக்கி வைத்து, மணிக்கு 16 டாலர். உங்கள் சம்பளத்தின் ஒரு மணி நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எம்.ஐ.டி. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஆடியதற்கு முக்கியக் காரணம் இதுதான். பலர் பணத்தை ஒன்றாகப் போட்டு, ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆடினால் அந்த லட்சத்துச் சொச்சம் கைகள் சீக்கிரம் கூடிவிடும். தனி ஆளுக்கு அந்த வழி இல்லை.

பெட்டைக் குறைத்தால் ஆபத்து குறையுமே என்று தோன்றும். மேசையின் குறைந்தபட்சம் 25. அதற்குக் கீழே போக முடியாது. மேலே உள்ள 250-ஐ 100 ஆகவும் நடுவில் உள்ள 125-ஐ 50 ஆகவும் ஆக்கினால், அந்த 85 கைகளில் போகும் 15 டாலரை மீட்கவே நல்ல கைகளின் வரவு சரியாகப் போய்விடும். ஏற்றி இறக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் எண்ணுவதற்கே பொருள். ஆனால் கேசினோவின் கண்ணில் முதலில் படுவதும் அந்த வித்தியாசம்தான்.

ஒரு கையைக் கிட்ட வைத்துப் பாருங்கள். ஷூவின் கடைசிப் பகுதி, ட்ரூ கவுண்ட் 5. இதுவரை ஒற்றை 25 டாலர் பச்சைச் சில்லு வைத்துக்கொண்டிருந்த நீங்கள் 250 வைக்கிறீர்கள். உங்களுக்கு 11 வருகிறது, டீலர் காட்டுவது 6. இதைவிட நல்ல நிலை அநேகமாக இல்லை. டபுள் செய்கிறீர்கள், மேசையில் இப்போது 500. வருவது 3, மொத்தம் 14. டீலர் கவிழ்த்து வைத்த சீட்டைத் திருப்புகிறார்: பத்து. 16 என்பதால் எடுத்தாக வேண்டும். எடுத்தது 4, அவருக்கு 20. நீங்கள் எண்ணியது சரி, பெட் சரி, டபுள் செய்ததும் சரி. சராசரிக் கணக்கில் 31 மணி நேரக் கூலி ஒரு நிமிடத்தில் போய்விட்டது. அந்த ஷூ முடிந்து அடுத்த ஷூவின் முதல் கையில் நீங்கள் மறுபடி 25-க்கு இறங்கியே ஆக வேண்டும். எண்ணத் தெரிந்த பலர் தடுமாறுவது இந்த இடத்தில். விட்டதைப் பிடிக்க 250-ஐ அப்படியே மேசையில் விடுகிறார்கள். அந்தக் கையில் அவர்கள் சாதகமில்லாத சாதாரண ஆட்டக்காரர்கள், பெட் மட்டும் பத்து மடங்கு.

மேலே சொன்ன எல்லாம் தப்பே செய்யாதவருக்கான கணக்கு. வீட்டில் ஒரு கட்டை 30 வினாடியில் எண்ணுவது நல்ல பயிற்சிதான், மேசையில் வேலை வேறு. ஐந்து பேர் சீட்டு ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும், சிலர் எடுத்ததும் 21-ஐத் தாண்டி வெடித்து டீலர் சீட்டை வாரிக்கொண்டு போவார், பக்கத்தில் இருப்பவர் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்பார். அதோடு, தட்டில் குவிந்த பழைய சீட்டுகளைப் பார்த்து எத்தனை கட்டு போயிருக்கிறது என்று கண்ணளவில் சொல்ல வேண்டும். ஒன்றரைக் கட்டு மீதி இருப்பதை இரண்டு என்று எடுத்தால் +6-க்கு ட்ரூ கவுண்ட் 4-க்குப் பதில் 3 ஆகிவிடும். உங்கள் ஆப் இதைச் சொல்லித்தருவதில்லை. அரைச் சதவீதச் சாதகத்தில் இப்படிச் சில சறுக்கல்களுக்குத்தான் இடம் உண்டு.

அப்புறம் விதிகள். லாஸ் வேகாஸில் குறைந்த பெட் மேசைகள் பலவற்றில் இப்போது பிளாக்ஜாக்குக்கு 6-க்கு 5-தான் தருகிறார்கள். மேசை விரிப்பிலேயே எழுதியிருக்கும். நூறு கையில் உங்களுக்குக் காசு தரும் பிளாக்ஜாக் நாலரை வரும். ஒவ்வொன்றிலும் பெட்டில் 0.3 பங்கு குறைகிறது. மொத்தத்தில் 1.36 சதவீதம். உங்கள் 4,625 டாலருக்கு அது 63 டாலர். 22 லாபம் 40 நஷ்டமாக மாறிவிடும், நீங்கள் எவ்வளவு நன்றாக எண்ணினாலும். தொடர்ந்து கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் உள்ள மேசையில், ஆடி முடித்த சீட்டு உடனே உள்ளே போய்விடும், எண்ண ஒன்றும் இல்லை. இவை இரண்டும் கண்ணுக்குத் தெரிந்த தடைகள். தெரியாதது வெட்டுச் சீட்டு. டீலர் ஒன்றரைக் கட்டுக்குப் பதில் இரண்டரைக் கட்டை ஆடாமல் வெட்டி வைத்தால், நான்கைத் தாண்டும் ஐந்து கைகள் இரண்டாகச் சுருங்கும். நூறு கை லாபம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். விதிகள் எதுவும் மாறியிருக்காது, அதே மேசை, அதே டீலர்.

மோசமான கைகளில் உட்காராமல் பின்னால் நின்று எண்ணி, கவுண்ட் ஏறியதும் நுழையலாமே என்று கேட்பீர்கள். கணக்குப்படி அது நல்ல வழி, அந்த 15 டாலர் மிச்சம். அதனால்தான் பல மேசைகளில் ஷூ நடுவில் புதியவர் சேரக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

கேசினோ என்ன செய்யும் என்பதிலும் தெளிவு வேண்டும். மனதுக்குள் எண்ணுவது நெவாடாவில் குற்றமில்லை. ஆனால் அது தனியார் இடம், உங்களோடு பிளாக்ஜாக் ஆட மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. மேலே கேமராவில் இருப்பவர்கள் சந்தேகம் வந்தால் ஆட்டத்தை மறுபடி ஓட்டி, உங்கள் பெட்டும் கவுண்ட்டும் சேர்ந்து ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். 25-லிருந்து 250 என்றால் அதிக நேரம் பிடிக்காது. நியூ ஜெர்சியில் சீட்டு எண்ணுபவரான கென் அஸ்டன் தொடுத்த வழக்கில் 1982-ல் மாநில உச்ச நீதிமன்றம், எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரை கேசினோ தன் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. அதனால் எண்ணுபவர்கள் அங்கே செழித்துவிடவில்லை. சீக்கிரம் கலைப்பது, பெட் அளவைக் கட்டுப்படுத்துவது போன்ற வழிகள் கேசினோவிடம் இருக்கின்றன. உங்கள் லாபம் முழுவதும் ஐந்து கைகளில் இருப்பதால் அவை போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அந்த ஆப்பை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஃபோனோ வேறு கருவியோ வைத்து எண்ணுவது நெவாடாவில் 1985 முதல் கடுமையான குற்றம். சிறைக்குப் போகலாம். வேலை விசாவில் இருப்பவர் என்றால் அதன் விளைவு இன்னும் நீளும்.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம், நீங்கள் புரோகிராம் எழுதத் தெரிந்தவர். வேகாஸுக்கு அறை போடுமுன் ஒரு சிமுலேஷன் எழுதுங்கள். ஆறு கட்டு, நாலரையில் கலைத்தல், நீங்கள் ஆடப்போகும் மேசையின் விதிகள், 25-125-250 பெட், மாதம் 1,400 கை. கையில் 5,000 டாலரோடு பத்தாயிரம் பேரை மூன்று வருடம் ஆடவிடுங்கள். முடிந்ததும் சராசரி லாபத்தைப் பார்க்காதீர்கள். அந்தப் பத்தாயிரத்தில் எத்தனை பேரிடம் ஒரு பெட்டுக்குக்கூடப் பணம் இல்லை, எத்தனையாவது மாதத்தில் தீர்ந்தது என்று பட்டியல் போட்டு, உங்கள் மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகு இருபது ஷூவுக்கு ஒரு முறை கவுண்ட் தவறுவது போல மாற்றி, இன்னொரு முறை ஓட்டுங்கள்.